ஜூன் 30-க்கும் ஆடி 1-க்கும் நடுவே

நங்கநல்லூரில் இரண்டாவது மாடியில் ஒரு பிளாட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு படுக்கையறை, 850 சதுர அடி, கட்டிப் பதினைந்து வருஷம் ஆகிறது. மாத வாடகை 18,000 ரூபாய். அதில் இருக்கும் குடும்பம் ஜூன் 1-ம் தேதி போன் செய்து, மாதக் கடைசியில் காலி செய்வதாகச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதும் ஒரு மாத நோட்டீஸ்தான். வீட்டுக்காரர் "சரிம்மா, காலி பண்ணினதும் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். நஷ்டம் அந்தப் பதிலிலேயே தொடங்கிவிடுகிறது.

காலியாகக் கிடக்கும் வீட்டுக்கும் செலவு உண்டு. 18,000 ரூபாய் வாடகை என்றால் நாளொன்றுக்கு 600 ரூபாய் வராமல் போகிறது. அடுக்ககத்தின் மாத மெயின்டனன்ஸ் 2,500 ரூபாய் என்றால், வாடகைதாரர் இல்லாத நாட்களில் அதையும் வீட்டுக்காரரே கட்ட வேண்டும். ஆக நாளுக்குச் சுமார் 680 ரூபாய். ஒரு வாரம் தள்ளிப்போனால் நாலாயிரத்து எழுநூறுக்கு மேல்.

நம் ஊரில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஜூலை 17 வாக்கில் ஆடி பிறந்துவிடும். வாடகை வீடானாலும் ஆடியில் பால் காய்ச்சிக் குடிபோக விரும்பாத குடும்பங்கள் இன்றும் ஏராளம். மார்கழிக்கும் அப்படித்தான். எனவே ஜூன் 30-ல் காலியாகும் வீட்டுக்கு உண்மையில் கையில் இருப்பது பதினாறு நாள். அதற்குள் ஆள் வந்துவிட்டால் நல்லது. தவறினால், வீடு பிடித்துப்போனவர்கள்கூட ஆவணி பிறக்கட்டும் என்பார்கள். ஆகஸ்ட் 17 வரை பூட்டியே கிடந்தால் நாற்பத்தேழு நாள், ஏறக்குறைய 32,000 ரூபாய். ஆடியைப் பார்க்காதவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் அவர்களை மட்டும் நம்பி உட்கார்ந்தால், வீடு தேடுகிறவர்களில் பெரும்பகுதியை நாமே ஒதுக்கிவிடுகிறோம்.

இத்தகைய வீட்டைத் துடைத்து, வண்ணமடித்து, பூட்டு மாற்றி, பழுது பார்த்துத் தர எட்டு நாள் போதும். எட்டு நாள் வேலை நாற்பது நாளாக இழுப்பதற்கு வேலையாட்கள் காரணமாக இருப்பது குறைவு. ஜூன் மாதத்தில் முடித்திருக்கக்கூடிய காரியங்களை ஜூலையில் தொடங்குவதும், முன்பின் மாற்றிச் செய்வதும்தான் நாட்களைத் தின்கின்றன.

ஆள் இருக்கும்போதே ஒரு பார்வை

நோட்டீஸ் வந்த வாரத்திலேயே வீட்டை ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். திடுதிப்பென்று போய் நிற்கக் கூடாது. வீட்டைப் பார்வையிடவோ பழுது பார்க்கவோ உள்ளே வருவதானால் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும் என்கிறது, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம். ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பி, அவர்களுக்குத் தோதான நேரத்தைக் கேட்டுப் போவது மரியாதை.

குடியிருக்கும்போதே பார்ப்பதில் ஒரு பெரிய லாபம் உண்டு. தண்ணீரும் மின்சாரமும் தினமும் புழங்கும் வீட்டில்தான் கசிவு கண்ணுக்குத் தெரியும். காலி செய்து பத்து நாள் பூட்டிக் கிடந்த வீட்டில் குளியலறைச் சுவர் காய்ந்துபோய் ஒன்றும் அறியாததுபோல் நிற்கும். அதன் மேல் வண்ணமடித்து, புதியவர்கள் குளிக்கத் தொடங்கியதும் மூன்றே மாதத்தில் அது பொரிந்து உதிரும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது குளியலறையின் மறுபக்கச் சுவர். படுக்கையறைப் பக்கம், தரையிலிருந்து ஓரிரு அடி உயரம்வரை வண்ணம் உப்பியிருக்கிறதா, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா, கையால் தேய்த்தால் மாவாக வருகிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் தாளை அந்த இடத்தில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுவிடச் சொல்லுங்கள். மறுநாள் தாளின் உட்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் அது அறையின் காற்றில் உள்ள ஈரம்தான், ஜன்னலைத் திறந்து வைத்தால் சரியாகும்.

கழிவறையின் ஃபிளஷ் தொட்டியில் சத்தமில்லாமல் தண்ணீர் போய்க்கொண்டிருப்பது பல வீடுகளில் உள்ள நோய். தொட்டிக்குள் சில சொட்டு மை விட்டு, கால் மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் இருந்தால் தெரிந்துவிடும். பீங்கானுக்குள் நிறம் இறங்கியிருந்தால் உள்ளே ரப்பர் வாஷர் போய்விட்டது. சமையல் மேடைக்கு அடியில் கைவிட்டுத் தொட்டிக் குழாய் ஈரமாக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மர அலமாரிகளின் கீழ்ப்பலகையை விரலால் தட்டுங்கள். டொக் டொக் என்று பொள்ளலாகக் கேட்டால் கறையான் வேலையை ஆரம்பித்துவிட்டது. எல்லா ஸ்விட்சையும் அணைத்து, ஃப்ரிட்ஜ் பிளக்கையும் எடுத்த பிறகு மின் மீட்டரின் சிவப்பு விளக்கு விடாமல் சிமிட்டினால், எங்கோ மின்சாரம் கசிகிறது என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

கசிவு தெரிந்துவிட்டால் பிளம்பர் ஜூன் இரண்டாவது வாரத்திலேயே வரட்டும். குழாயை மாற்றுவது அரைநாள் வேலை. குளியலறை டைல்ஸ் இடைவெளிகளைச் சுரண்டி எபாக்ஸி வைத்து அடைத்தால், அது இறுக ஒரு நாளாவது தண்ணீர் படக் கூடாது. இன்னொரு குளியலறை இருந்தால் குடும்பம் சமாளித்துக்கொள்ளும். ஊறிய சுவர் காய்வதற்குத்தான் வாரக்கணக்கில் ஆகும். அதை எந்தப் பெயிண்டராலும் அவசரப்படுத்த முடியாது. ஜூன் நடுவில் கசிவை நிறுத்திவிட்டால் ஜூலை முதல் வாரத்துக்குள் சுவர் ஓரளவு காய்ந்திருக்க வாய்ப்புண்டு. காயவில்லை என்றால் அந்த ஒரு சுவரை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அடியுங்கள். "இந்தச் சுவர் செப்டம்பரில் அடித்துத் தரப்படும்" என்று புதியவருக்கு எழுதிக் கொடுங்கள். ஈரச் சுவரில் பட்டி பூசி மறைப்பது புதிதாக வருகிறவரை ஏமாற்றுவது, செலவும் இரட்டிப்பாகும்.

அட்வான்ஸில் எவ்வளவு கழிப்பது?

இந்த முதல் பார்வையின்போதே பேசித் தீர்க்க வேண்டியது பணம். காலி செய்யும் குடும்பத்துக்கு அடுத்த வீட்டின் அட்வான்ஸைக் கட்ட இந்த வீட்டின் அட்வான்ஸ் வேண்டும். கடைசி நாள் வரை வாய் திறக்காமல் இருந்துவிட்டு, சாவி வாங்கும்போது "இது உடைஞ்சிருக்கு, அது உடைஞ்சிருக்கு" என்று கழிக்கத் தொடங்குவது அவர்களை நடுத்தெருவில் நிறுத்துவதற்குச் சமம். முன்பே சொல்லிவிட்டால் அவர்களே தங்களுக்குத் தெரிந்த ஆளை வைத்துச் சரிசெய்துவிட வழி இருக்கிறது.

ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை யார் எதைச் செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணமடிப்பது, குழாய் வரிசையை மாற்றுவது, மின் ஒயரிங், கட்டடப் பழுது இவையெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், சாக்கெட், கதவு அலமாரிகளின் பூட்டு கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. வீடு காலியான ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்.

ஆனால் சென்னையில் "பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை கழிப்போம்" என்பது எழுதாத சட்டம்போல் நடக்கிறது. பலரும் அதை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுகிறார்கள். நான்கு வருஷம் ஒழுங்காக வாடகை கொடுத்து இருந்த குடும்பம் போகும்போது, இயல்பாக மங்கிய சுவருக்கு அவர்களிடமே முழுச் செலவையும் வாங்குவது நியாயம் என்று எனக்குப் படவில்லை. வண்ணத்தின் ஆயுளே அவ்வளவுதான். குழந்தை கிறுக்கிய சுவர், டிவி மாட்ட ஓட்டை போட்டு டைல்ஸ் விரிசல் விட்டது, இவை வேறு. அவற்றுக்குப் பில் காட்டிக் கழிக்கலாம். அப்படிக் கழித்தால் போகிறவரும் கோபமில்லாமல் போவார். அந்த நல்லுறவு அடுத்த மூன்று வாரத்துக்கு வீட்டுக்காரருக்குத் தேவைப்படும். ஏனென்றால் வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கதவு திறந்துவிடப் போவது அந்தக் குடும்பம்தான்.

டூ-லெட் போர்டு எப்போது?

வீடு பளபளப்பான பிறகுதான் ஆளுக்குக் காட்ட வேண்டும் என்று நினைப்பவர்கள் பத்துப் பதினைந்து நாளை அதிலேயே இழக்கிறார்கள். இப்போது இருக்கும் வீட்டுக்கும் ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டியவர்தான் புதிதாக வரப்போகிறவர். ஜூலை 10-ல் வீட்டைப் பார்த்துப் பிடித்துப்போனாலும் ஆகஸ்ட்டில்தான் அவரால் வர முடியும். ஆகவே ஜூன் 10-க்குள் அறிவிப்பு வெளியாகிவிட வேண்டும். கேட்டில் போர்டு, வாடகை இணையதளங்கள், அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழு, தெரிந்த புரோக்கர் என்று நான்கு வழியிலும் சொல்லிவையுங்கள்.

படம்? அடுத்தவர் குடியிருக்கும் வீட்டை, அவர்கள் துணியும் பாத்திரமும் தெரிய எடுத்துப் போடுவது அவர்களின் அந்தரங்கத்தில் கைவைப்பது. போன முறை காலியாக இருந்தபோது எடுத்த படங்கள் இருந்தால் அவற்றைப் போடலாம். இல்லாவிட்டால் அறை அளவுகளோடு ஒரு சின்ன வரைபடம், கட்டட முகப்பு, பால்கனியிலிருந்து தெரியும் தெரு போதும். இந்த முறை வீடு தயாரானதும் காலை வெளிச்சத்தில், எல்லா ஜன்னலையும் திறந்துவைத்து, அறையின் மூலையில் நின்று நல்ல படங்களாக எடுத்து அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பில் எதை எழுத வேண்டும் என்பது வருகிறவர்கள் போனில் கேட்கும் கேள்விகளிலேயே இருக்கிறது. நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா, லிஃப்ட் உண்டா, கார் நிறுத்த இடம் உண்டா, மெயின்டனன்ஸ் வாடகையில் சேர்த்தியா தனியா, எந்தத் தேதியில் குடிவரலாம். இவற்றை எழுதிவிட்டால் வீணாக வந்துபோகும் கூட்டம் பாதியாகக் குறையும். பார்க்க வருகிறவர்களையும் நாள் முழுக்க ஒவ்வொருவராக அனுப்பாமல், சனி ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் என்று குடியிருப்பவரோடு பேசி வைத்துக்கொள்ளலாம்.

வாடகையை ஏற்றிக் கேட்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 18,000-த்துக்குத் தயாராக ஒருவர் இருக்கிறார். 19,000 தருகிறவர் வரட்டும் என்று காத்திருக்கிறோம். பதினொரு மாத ஒப்பந்தத்தில் கூடுதலாகக் கிடைப்பது 11,000. நாளுக்கு 600 வீதம் பதினெட்டு நாள் காத்திருந்தாலே அந்தப் பணம் முழுக்கப் போய்விடும். மெயின்டனன்ஸையும் சேர்த்தால் பதினாறு நாள். ஆடி வாசலில் நிற்கும்போது இந்தப் பந்தயம் வேண்டாம் என்பேன்.

எட்டு நாளின் வரிசை

ஜூன் 30 மாலை வீட்டை ஒப்புக்கொள்ளும்போது முதல் வேலை மின் மீட்டரைப் படம் எடுப்பது. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. யூனிட் கூடக்கூட விகிதமும் கூடும். ஜூன் 10-ல் ரீடிங் எடுத்திருந்தால் அடுத்தது ஆகஸ்ட்டில்தான். அதற்குள் புதியவர் ஏசி ஓட்டி யூனிட்டை ஏற்றிவிட்டால், அந்த உயர்ந்த விகிதத்தில் போனவரிடம் கேட்பது சரியல்ல. போன பில் தொகையை அதன் யூனிட்டால் வகுத்து வரும் சராசரியில், ஜூன் 10 முதல் 30 வரை ஓடிய யூனிட்டுக்குக் கணக்குப் போட்டு அன்றே முடித்துவிடலாம். பைசா சுத்தமாக வராது, ஆனால் இருவருக்கும் ஏற்றதாக இருக்கும்.

ஜூலை 1 காலை முதலில் வர வேண்டியவர்கள் எலக்ட்ரீஷியனும் பிளம்பரும். சுவரை உடைக்க வேண்டியவர்கள், தூசி கிளப்புகிறவர்கள் எல்லாரும் பெயிண்டருக்கு முன்னால் வந்துபோய்விட வேண்டும். வண்ணமடித்த பிறகு கீஸருக்கு ஒயர் இழுக்கிறேன் என்று ஒருவர் உளியை எடுத்தால் அந்தச் சுவர் மறுபடி முதலிலிருந்து. எலக்ட்ரீஷியன் மெயின் பெட்டியில் உள்ள கசிவுப் பாதுகாப்பு சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் மின்சாரம் துண்டிக்கப்படாவிட்டால் அதை மாற்றியே ஆக வேண்டும், உயிர் காக்கும் கருவி அது. மெதுவாகச் சுற்றும் ஃபேனுக்குப் பெரும்பாலும் கபாசிட்டர் மாற்றினால் போதும். சென்னையின் உப்புத் தண்ணீர் ஓடிய கீஸரைக் கழற்றிப் பார்த்தால் காயிலின் மேல் சுண்ணாம்பு ஓடு படிந்திருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் விட்டால் புதியவர் வந்த மாதமே காயில் எரிந்துபோகும்.

அதே நாளில் கதவு, ஜன்னல் கம்பிகளுக்கு எனாமல் அடிக்கத் தொடங்கிவிடலாம். எண்ணெய் கலந்த அந்த வண்ணத்துக்கு ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓர் இரவு வேண்டும், அதன் வாடை போகவும் நாளாகும். கடைசியில் அடித்தால் புதியவர் பால் காய்ச்சும் அன்று வீடே நெடி அடிக்கும்.

சுவர் வேலை ஜூலை 2-ல் தொடங்கும். ஆணிகளைப் பிடுங்கி, உப்பிய இடங்களைச் சுரண்டி, பட்டி பூசுவது முதல் நாள். அது காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி வைத்த இடங்களுக்குப் பிரைமர் அடிப்பது இரண்டாம் நாள். எமல்ஷன் இரண்டு கோட், மூன்றாம் நான்காம் நாட்கள். கோட்டுக்குக் கோட் நான்கு முதல் ஆறு மணி நேரம் விட வேண்டும். இரண்டு ஆள் இருந்தால் நம் 850 சதுர அடி வீடு இந்த நான்கு நாளில் முடிந்துவிடும். சுவரும் கூரையும் சேர்த்து ஏறக்குறைய 2,200 சதுர அடி வரும். ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு நூறு முதல் நூற்றிருபது சதுர அடி வரை வருவதால் 20 லிட்டர் வாளி ஒன்று வாங்கினால் கணக்கு சரியாக இருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் இதே வேலைக்கு இன்னும் இரண்டு நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

எல்லா முறையும் முழு வீட்டையும் அடிக்கத் தேவையில்லை. ஆனால் கறை உள்ள இடத்தில் மட்டும் தொட்டு அடித்தால் பழையதும் புதியதும் சேராமல் திட்டாகத் தெரியும். ஒரு சுவரைத் தொட்டால் மூலையிலிருந்து மூலைவரை அந்தச் சுவர் முழுவதையும் அடிக்க வேண்டும். இது எளிதாக வேண்டுமானால் எல்லா அறைக்கும் ஒரே வெளிர் நிறத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் எண்ணை அலமாரிக் கதவின் உட்புறத்தில் எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த முறை நான்கு லிட்டர் டப்பா ஒன்றோடு ஹாலின் இரண்டு சுவர் மட்டும் அடித்துத் தப்பித்துக்கொள்ளலாம். டிஸ்டம்பர் விலை குறைவு என்று அதற்குப் போகாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தால் அது கையோடு வரும், எமல்ஷன் துடைக்கத் தாங்கும். வாடகை வீட்டுக்கு அந்த ஒரு குணமே போதும்.

ஜூலை 6 காலை எலக்ட்ரீஷியன் மீண்டும் ஒரு மணி நேரம் வந்து ஸ்விட்ச் பலகைகளையும் ஃபேன்களையும் மாட்டிவிட்டுப் போவார். இதை முதல் நாளே பேசி வைக்காவிட்டால், அந்த ஒரு மணி நேர வேலைக்காக மூன்று நாள் காத்திருக்க நேரும்.

பெரிய துடைப்பு எல்லாவற்றுக்கும் பிறகுதான், ஜூலை 6 பிற்பகலும் 7-ம் தேதியும். மேலிருந்து கீழே, உள்ளறையிலிருந்து வாசல் நோக்கி. பரண், ஃபேன் இறக்கை, ஜன்னல் தண்டவாளம், அதன் பிறகு தரை. சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய டைல்ஸுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் சுடுநீரும் பாத்திரம் தேய்க்கும் திரவமும் போட்டு இருபது நிமிடம் ஊறவிட்டால் பாதி உழைப்பு மிச்சம். குளியலறை உப்புக்கறைக்கு ஆசிட்டை ஊற்றும் வழக்கம்தான் எனக்குக் கவலை தருவது. ஆசிட் கறையோடு டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமெண்டையும் தின்றுவிடும், குழாயின் பளபளப்பையும் உரிக்கும். நாம் ஜூனில் அடைத்த கசிவு அந்த இடுக்கின் வழியாகவே திரும்ப வரும். ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரும் விழுந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறைக்குள் வேலை செய்யும் பெண்ணுக்கு மூச்சே நின்றுபோகும் ஆபத்து அது. எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்துத் துணியை நனைத்துக் குழாயில் சுற்றி அரைமணி நேரம் விட்டால் பெரும்பாலான வெள்ளைக்கறை இளகிவிடும். மொசைக், மார்பிள் தரையில் இதைக்கூடப் படவிடக் கூடாது.

துடைத்து முடித்த பிறகு கரப்பான் பூச்சிக்கான ஜெல்லைச் சமையல் மேடைக் கீழ் மூலைகளில் பொட்டுப் பொட்டாக வைக்க வேண்டும். முன்பே வைத்தால் துடைப்பில் போய்விடும். வீடு அதற்குப் பிறகும் பூட்டியிருக்கப் போகிறது என்றால் வாரம் ஒருமுறை எல்லாத் தரைச் சல்லடையிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, ஃபிளஷ்ஷையும் ஒருமுறை அழுத்தி வாருங்கள். சல்லடைக்குக் கீழே உள்ள வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் பூச்சியையும் தடுக்கிறது. அது வற்றிப்போன வீட்டைத் திறந்து காட்டினால், எவ்வளவு புது வண்ணம் இருந்தாலும் வந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்.

பூட்டு கடைசியில்

பழைய வாடகைதாரர் சாவி கொடுத்ததும் உடனே பூட்டை மாற்றிவிடுவது இயல்பாகத் தோன்றும். ஆனால் அதன் பிறகு ஒரு வாரம் பெயிண்டர், பிளம்பர், துடைக்கிறவர் என்று ஐந்தாறு கைகளில் அந்தப் புதுச் சாவி புழங்கும். அப்போது மாற்றியதற்குப் பொருளே இல்லை. வேலை நடக்கும் நாட்களில் பழைய பூட்டே இருக்கட்டும். வீட்டில் திருட ஒன்றுமில்லை. கடைசி ஆள் கிளம்பிய பிறகு, ஜூலை 8-ல் மாற்றுங்கள்.

கொடுத்த மூன்று சாவியும் திரும்பி வந்துவிட்டதே என்று நிம்மதி அடைய முடியாது. தெருமுனையில் ஐந்து நிமிடத்தில் நகல் எடுக்கலாம். போனவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் வீட்டு வேலைக்கு வந்தவர், ஊரிலிருந்து வந்து தங்கியவர், யாரிடம் ஒரு சாவி தங்கிப்போனது என்பது அவருக்கே தெரியாது.

இதற்கு முழுப் பூட்டையும் வாங்க வேண்டியதில்லை. கதவின் பக்கவாட்டு விளிம்பில், பூட்டின் தாழ்ப்பாளுக்குக் கீழே ஒரு நீண்ட திருகாணி இருந்து, சாவி நுழையும் பகுதி தனி உருளையாக இருந்தால், அந்த உருளையை மட்டும் மாற்றலாம். கடையில் அதற்கும் சிலிண்டர் என்றுதான் பெயர். திருகாணியைக் கழற்றி, சாவியைப் போட்டுச் சற்றே திருப்பினால் உருளையின் நாக்கு நேராகி, இழுத்தால் வெளியே வந்துவிடும். அதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் அதே நீளத்தில் வாங்க வேண்டும். 60, 70 மில்லிமீட்டர் அளவுகள் அதிகம் கிடைக்கும். திருகாணித் துளையிலிருந்து இரு முனைக்கும் உள்ள தூரமும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் குறடால் பிடித்து உடைத்துவிடுவார்கள். நீளமான பழைய சாவி போடும் பூட்டு என்றால் இந்த வசதி கிடையாது, பூட்டையே மாற்ற வேண்டியதுதான். கம்பிக் கதவின் தொங்கு பூட்டு, மொட்டைமாடி சாவி, தபால் பெட்டி இவற்றையும் மறக்க வேண்டாம். எண் அழுத்தித் திறக்கும் பூட்டானால் பழைய எண்களையும் விரல் ரேகைகளையும் நீக்குங்கள். அடுக்ககத்தின் வாயிற்காவல் செயலியிலிருந்து போன குடும்பத்தின் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அவர்களைத் தேடி வருகிறவர்களை இன்னும் அவர்களே உள்ளே அனுமதிக்கலாம்.

8-ம் தேதி மாலை பிளம்பரோ நீங்களோ எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து, எல்லா விளக்கையும் ஃபேனையும் போட்டு, கீஸரை அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டால் வீடு தயார். 9-ம் தேதி சாவி கொடுக்கலாம். ஆடி பிறக்க ஒரு வாரத்துக்கு மேல் இருக்கிறது. அந்த இடைவெளி, ஒரு நாள் வராமல் போகும் பெயிண்டருக்கும், புதியவர் பார்த்து வைத்திருக்கும் நல்ல நாளுக்கும்.

சாவி கொடுக்கும்போது ஒரு தாளில் மீட்டர் ரீடிங், சாவிகளின் எண்ணிக்கை, இருக்கும் ஃபேன் கீஸர் விவரம், ஏற்கெனவே உள்ள கீறல் விரிசல் எல்லாம் எழுதி, படங்களோடு இருவரும் கையெழுத்திடுங்கள். வந்த இரண்டு வாரத்துக்குள் அந்தக் குடும்பம் போன் செய்து பாத்ரூமில் தண்ணீர் மெதுவாகப் போகிறது, அடுப்படிக் குழாய் சொட்டுகிறது என்று சொல்லும். நான்கு பேர் குளித்துச் சமைத்தால்தான் தெரியும் குறைகள் அவை. சட்டத்தின் அட்டவணையைப் பார்த்தால் குழாய் வாஷர் அவர்கள் பொறுப்புதான். ஆனாலும் முதல் பதினைந்து நாளில் வரும் பழுது நாம் முடிக்காமல் விட்ட வேலை. பிளம்பரிடம் ஜூன் மாதம் பேசும்போதே, ஜூலைக் கடைசியில் இன்னொரு நடையும் உண்டு என்று சொல்லிவைத்து, அதற்கான கூலியை நாமே கொடுத்துவிட வேண்டும்.